கெடுக்கக் கற்ற பின்பே திருத்த முடியும்

கைப்பேசியில் வந்து சேர்ந்த ஒரு மங்கலான படத்தை நான்கு மடங்கு பெரிதாக்கித் தெளிவாகக் காட்டும் மென்பொருள்கள் இன்று பலரிடம் இருக்கின்றன. 'சூப்பர் ரெசல்யூஷன்' என்பது இந்த வேலையின் பெயர். இதைச் செய்யும் நியூரல் நெட்வொர்க்குக்குப் பாடம் சொல்லித்தர இரண்டு படங்கள் வேண்டும். ஒன்று கெட்டுப்போனது, மற்றொன்று அதே காட்சியின் நல்ல பதிப்பு. இப்படி லட்சக்கணக்கான ஜோடிகளைப் பார்த்துத்தான் எது எப்படி இருந்திருக்கும் என்று அது ஊகிக்கப் பழகுகிறது.

சிக்கல் என்னவென்றால், உலகில் கெட்டுப்போன படங்களுக்குப் பஞ்சமே இல்லை. அவற்றின் நல்ல பதிப்புதான் யாரிடமும் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் மலிவான கேமராவில் எடுத்த கல்யாணப் படத்தை இனி வேறு கேமராவில் எடுக்க முடியாது. ஆகவே ஆராய்ச்சியாளர்கள் வழியைத் திருப்பிக்கொண்டார்கள். நல்ல படத்தை எடுத்துக்கொண்டு, அதைத் தாங்களே கெடுத்து ஜோடியை உருவாக்குகிறார்கள். திருத்தும் மென்பொருளின் தரத்தைப் பெருமளவு தீர்மானிப்பது இந்தக் கெடுக்கும் வேலைதான். நெட்வொர்க்கின் கட்டமைப்பைப் பற்றிப் பலரும் எழுதுகிறார்கள். கெடுப்பதைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. உண்மையான நுட்பம் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஆரம்ப நாட்களில் கெடுப்பது மிக எளிதாக இருந்தது. நல்ல படத்தை 'பைக்யூபிக்' என்ற கணக்குமுறையில் நான்கில் ஒன்றாகச் சுருக்குவார்கள், அவ்வளவுதான். அது அக்கம்பக்கத்துப் பிக்சல்களை எடை போட்டுச் சராசரி எடுக்கும் சுத்தமான, மாறாத ஒரு கணக்கு. 2017-இல் டிவ்2கே என்ற படத்தொகுப்பை வைத்து நடந்த போட்டியில்கூட, பைக்யூபிக் முறையில் சுருக்கிய படங்களுக்கு ஒரு பிரிவு, எப்படிக் கெடுத்தோம் என்று சொல்லாமல் கொடுத்த படங்களுக்கு இன்னொரு பிரிவு என்று இரண்டு இருந்தன. முதல் பிரிவை ஒட்டியே பல ஆய்வுகள் வளர்ந்தன. மதிப்பெண்கள் ஏறிக்கொண்டே போயின.

அந்த மாடல்களிடம் இணையத்திலிருந்து இறக்கிய ஒரு சாதாரணப் படத்தைக் கொடுத்தால் கதை மாறியது. இருட்டில் எடுத்த படத்தின் பொடிப்பொடியான புள்ளிகளை அவை ஏதோ துணியின் இழைபோலக் கூர்மையாக்கின. சுருக்கிச் சேமித்ததால் உண்டான சதுரக் கட்டங்களின் விளிம்புகளைச் சுவரின் விளிம்புகளாக நினைத்து அழுத்தி வரைந்தன. அவற்றின் மீது குற்றமில்லை. அவை பார்த்த கெட்ட படங்கள் எல்லாமே ஒரே விதமாக, அதுவும் சுத்தமாகக் கெட்டவை. வேறு விதமான கேடு உண்டு என்பதே அவற்றுக்குத் தெரியாது.

எந்த விதமாகக் கெட்டது என்று முன்கூட்டியே தெரியாத படத்தைத் திருத்துவதற்கு 'பிளைண்ட்' சூப்பர் ரெசல்யூஷன் என்று பெயர். உண்மையான ஜோடிகளையே சேகரிக்க முயன்றவர்களும் உண்டு. 2019-இல் வெளிவந்த ரியல்எஸ்ஆர் என்ற தொகுப்புக்காகக் கேனன், நிக்கான் கேமராக்களை ஓரிடத்தில் நிறுத்தி, லென்ஸின் ஜூமை மட்டும் மாற்றி ஒரே காட்சியைப் பலமுறை எடுத்தார்கள். பிறகு அந்தப் படங்களை ஒன்றின் மேல் ஒன்று பிக்சல் பிசகாமல் பொருத்தினார்கள். கடுமையான உழைப்பு. ஆனால் அதில் படிந்திருப்பது அந்த இரண்டு கேமராக்களின் குணம் மட்டுமே. நான்கு கைகள் மாறி, மூன்று முறை சுருக்கப்பட்ட படத்தின் குணம் அதில் எப்படி வரும்?

2021-இல் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இரண்டு குழுக்கள் இதற்கு விடை தந்தன. சூரிக்கின் ஈடிஎச் பல்கலைக்கழகத்திலிருந்து காய் ஜாங் குழுவினர் பிஎஸ்ஆர்கேன் என்ற மாடலையும், டென்சென்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தைச் சேர்ந்த ஷின்டாவ் வாங் குழுவினர் ரியல்-ஈஎஸ்ஆர்கேன் என்ற மாடலையும் வெளியிட்டார்கள். முதலாமவர் கெடுக்கும் படிகளின் வரிசையையே குலுக்கிப்போட்டார்கள். இரண்டாமவர் ஒரு படத்தின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்தார்கள். லென்ஸ் மங்கலாக்கும், கேமரா சுருக்கும், இரைச்சல் சேரும், ஜேபெக்காகச் சேமிக்கப்படும். அதன்பின் யாரோ அதைத் திருத்தி, இணையத்தில் ஏற்ற, மறுபடியும் இதே வரிசை நடக்கும். ஆகவே அவர்கள் மங்கல், அளவு மாற்றம், இரைச்சல், ஜேபெக் என்ற நான்கு படிகளை இரண்டு சுற்று ஓட்டினார்கள். நாம் இந்த இரண்டாவது வழியையே ஒரு படத்தோடு சேர்ந்து நடந்து பார்க்கலாம்.

நல்ல, கூர்மையான ஒரு படத்திலிருந்து 400-க்கு 400 பிக்சல் துண்டு ஒன்றை வெட்டிக்கொள்வோம். ஓட்டுக் கூரை, அதன்மேல் நீல வானம், ஓரத்தில் ஒரு மின்கம்பி என்று வைத்துக்கொள்ளலாம். இறுதியில் நமக்கு வேண்டியது இதன் நான்கில் ஒரு பங்கு அளவுள்ள, 100-க்கு 100 பிக்சல் கெட்ட படம்.

முதல் படி மங்கல். ஒவ்வொரு பிக்சலையும் அதைச் சுற்றியுள்ளவற்றோடு கலக்க வேண்டும். எவ்வளவு தூரத்திலுள்ள பிக்சலுக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் சிறிய எண்சதுரத்துக்குக் கெர்னல் என்று பெயர். ரியல்-ஈஎஸ்ஆர்கேனில் இதன் பக்கம் 7 முதல் 21 பிக்சல் வரை ஏதோ ஓர் ஒற்றைப்படை எண்ணாக இருக்கும். கலங்கலின் பரப்பைக் குறிக்கும் சிக்மா என்ற அளவு 0.2 முதல் 3 வரை எங்கு வேண்டுமானாலும் விழும். வட்டமான கெர்னல் ஃபோகஸ் தவறிய லென்ஸைப் போல எல்லாப் பக்கமும் சமமாகக் கலைக்கும். முட்டை வடிவக் கெர்னல் ஒரு திசையில் அதிகமாக இழுக்கும். கை லேசாக ஆடியதைப் போல இருக்கும். நடுவில் கூம்பாக எழாமல் மேசைபோலத் தட்டையாக இருக்கும் கெர்னல்களையும் கொஞ்சம் கலக்கிறார்கள். ஏனென்றால், எல்லா லென்ஸும் மணி வடிவத்தில் மங்கலாக்குவதில்லை. நம் படத்துக்கு முட்டை வடிவமும், நீண்ட திசையில் 1.8 சிக்மாவும் விழுந்தது என்று கொள்வோம். ஓடுகளின் விளிம்பு குழைகிறது. மின்கம்பி இரண்டு மடங்கு தடிக்கிறது, ஆனால் வெளிறிப்போகிறது.

மங்கல் சுருக்குவதற்கு முன்னால் வருவதைக் கவனிக்க வேண்டும். நிஜ உலகில் ஒளி லென்ஸில் கலைந்த பிறகே சென்சாரில் விழுகிறது. சுருக்கிய பின் அதே 1.8 சிக்மாவைப் போட்டால், பெரிய படத்தின் கணக்கில் அது 7.2 பிக்சல் மங்கலுக்குச் சமம். கம்பி இருந்த சுவடே மிஞ்சாது.

அடுத்தது அளவு மாற்றம். இங்கே சீட்டுக் குலுக்கல் போல ஒன்று நடக்கிறது. பத்தில் ஏழு முறை படம் சிறிதாகும், இரண்டு முறை பெரிதாகும், ஒருமுறை அப்படியே இருக்கும். சுருக்கும் கணக்குமுறையும் மூன்றில் ஒன்றாக மாறிமாறி வரும். நம் படம் பாதியாகி 200-க்கு 200 ஆகிறது.

மூன்றாவது இரைச்சல். பேச்சு வழக்கில் ஒலிக்கு மட்டும் சொல்லும் இந்தச் சொல், படத்தில் இல்லாத புள்ளித் தூவலையும் குறிக்கிறது. இதற்கு இரண்டு மூலங்கள். ஒன்று, மின்சுற்றின் சொந்த நடுக்கம். இது வெளிச்சத்தைப் பொறுத்து மாறாது. மற்றது ஒளியிலேயே இருக்கிறது. முற்றத்தில் ஒரே அளவுத் தம்ளர்களை வரிசையாக வைத்து ஐந்து நொடி தூறலில் நனையவிட்டால், எல்லாவற்றிலும் ஒரே எண்ணிக்கையில் துளி விழாது. சென்சாரின் பிக்சல்களில் ஒளித்துகள் விழுவதும் அப்படித்தான். சராசரியாக 100 துகள் விழும் இடத்தில் ஏறத்தாழ 10 கூடும் அல்லது குறையும். அதாவது பத்து சதவீதத் தடுமாற்றம். 10,000 விழும் இடத்தில் 100 மட்டுமே கூடக்குறைய இருக்கும். அது ஒரு சதவீதம்தான். இருட்டில் எடுத்த படம் பொரிந்து தெரிவதற்கு முக்கியக் காரணம் இது. முதல் வகைக்குக் காஸியன் என்றும் இரண்டாம் வகைக்குப் பாய்சான் என்றும் பெயர். கெடுப்பவர்கள் இரண்டையும் சம வாய்ப்பில் சேர்க்கிறார்கள். சிலமுறை மூன்று வண்ணத்துக்கும் தனித்தனியாக, சிலமுறை ஒரே சாம்பல் தூவலாக.

நம் படத்துக்கு 0 முதல் 255 வரையான அளவுகோலில் சிக்மா 12 கொண்ட காஸியன் இரைச்சல் வந்தது என்போம். நீல வானம் மணல் தூவியதுபோல் ஆகிறது. பிறகு 60 என்ற தர எண்ணில் ஜேபெக் சுருக்கம். ஜேபெக் படத்தை 8-க்கு 8 பிக்சல் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் மெதுவான அலைகள், வேகமான அலைகள் என்று பிரித்துக்கொள்கிறது. கண் அதிகம் கவனிக்காத வேகமான அலைகளைக் கரடுமுரடாக முழு எண்ணாக்கி, பலவற்றைப் பூஜ்யமாக்கிவிடுகிறது. மின்கம்பியைச் சுற்றி ஈ மொய்ப்பது போன்ற சிறு கறைகள் தோன்றுவது இதனால்தான். வானத்தில் அடுத்தடுத்த சதுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும்.

ஒரு சுற்று முடிந்தது. பழைய முறையில் கவனமாக இருந்தவர்கள் இங்கே நிறுத்திக்கொண்டிருப்பார்கள். ஆனால் இரண்டாவது சுற்றில்தான் செயற்கைக் கேடு இயற்கைக் கேட்டின் முகத்தைப் பெறுகிறது.

இரண்டாவது மங்கல் முதலாவதைவிட மென்மையானது. ஐந்தில் நான்கு முறைதான் வரும், சிக்மாவும் 1.5-ஐத் தாண்டாது. அதன்பின் நம் படம் 200-லிருந்து 80 பிக்சலாகச் சுருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது வானத்தைப் பாருங்கள். முன்பு சேர்த்த மணல் மணல்போல இல்லை. மங்கலும் சுருக்கமும் அதைக் குழைத்து, பக்கத்துப் பிக்சல்களோடு கலந்து, திட்டுத்திட்டாக்கிவிட்டன. நான்கு பிக்சல்களைச் சராசரி செய்து ஒன்றாக்கினாலே, தனித்தனியாக இருந்த இரைச்சலின் அளவு பாதியாகிவிடும்; 12 என்பது 6 ஆகும். நம் கைப்பேசிப் படங்களில் நிஜமாகக் காணும் இரைச்சல் இந்தத் திட்டுத்திட்டான வகையே. சென்சாரில் பிறந்த பின் அது கேமராவின் வடிகட்டிகளையும் அளவு மாற்றங்களையும் கடந்தே நம் கைக்கு வருகிறது. கடைசிச் சிறு படத்தின்மேல் நேரடியாக மணலைத் தூவிப் பயிற்சி கொடுத்த மாடல், ஊசிமுனைப் புள்ளிகளை அழகாக நீக்கும். திட்டுகளைக் கண்டால் சுவரின் சுண்ணாம்புப் படலம் என்று நினைத்து மெருகேற்றும். வரிசை தவறினால் வரும் விளைவு இது.

ஜேபெக் கட்டங்களுக்கும் இதுவே நடக்கிறது. முதல் சுற்றில் 8 பிக்சலாக இருந்த கட்டம், 200 பிக்சல் படம் 80 ஆனபோது 3.2 பிக்சலாகக் குறுகியது. இரண்டாவது இரைச்சல் சேர்ந்த பின் படம் இறுதி அளவான 100 பிக்சலுக்கு நீட்டப்படும்போது அது 4 பிக்சலாகிறது. அதன்மேல் இரண்டாவது ஜேபெக் தன் 8 பிக்சல் கட்டத்தைப் போடுகிறது. பழைய கட்டத்தின் மழுங்கிய சுவடும், புதிய கட்டத்தின் கூர்மையான கோடும் ஒரே படத்தில். பலமுறை ஏற்றி இறக்கி, ஸ்கிரீன்ஷாட் எடுத்த படத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது.

இன்னும் ஒன்று பாக்கி. கேமராக்களும் படத்திருத்த மென்பொருள்களும் விளிம்புகளைச் செயற்கையாகக் கூர்மையாக்கும் பழக்கமுடையவை. அதனால் கூரை விளிம்பை ஒட்டி, இல்லாத ஒரு வெள்ளைக் கோடும் அதன் பக்கத்தில் மங்கிய எதிரொலிக் கோடுகளும் தோன்றும். இந்தத் தழும்பை உருவாக்க ரியல்-ஈஎஸ்ஆர்கேன் 'சிங்க்' வடிகட்டி என்ற ஒன்றைப் பயன்படுத்துகிறது. குறிப்பிட்ட வேகத்துக்கு மேற்பட்ட அலைகளை அது சட்டென வெட்டிவிடும். அப்படிச் சட்டென வெட்டுவதால்தான் விளிம்பைச் சுற்றி அலையலையாகக் கோடுகள் எழுகின்றன. இது ஜேபெக்குக்கு முன்னாலா பின்னாலா என்பதையும் குலுக்கலே முடிவு செய்கிறது. கூர்மையாக்கிய பின் சேமிப்பவரும் உண்டு, சேமித்ததைக் கூர்மையாக்குபவரும் உண்டு அல்லவா!

கடைசியில் எல்லா எண்களையும் 0 முதல் 255 வரையான முழு எண்களாகச் சுருட்டுகிறார்கள். அற்பமான படி என்று தோன்றும். இதை விட்டுவிட்டால், கணினியின் நினைவிலுள்ள நீண்ட தசமப் பின்னங்களில், கண்ணுக்குத் தெரியாத துல்லியத்தில் பழைய படத்தின் தகவல் கசியும். நெட்வொர்க் அதை மோப்பம் பிடித்துவிடும். பயிற்சியில் மதிப்பெண் பிரமாதமாக இருக்கும், நிஜப் படத்தில் ஒன்றும் நடக்காது. நிஜப் படங்களில் தசமங்கள் இல்லை. பரீட்சைக்கு முன்பே வினாத்தாள் வெளியான விவகாரம்தான்.

இப்படி உருவான 100 பிக்சல் படத்திலிருந்து 64-க்கு 64 துண்டும், மூலத்தில் அதே இடத்திலிருந்து 256-க்கு 256 துண்டும் வெட்டினால் ஒரு ஜோடி தயார். அதே கூரைப் படம் மறுமுறை வரும்போது எல்லாச் சீட்டுகளும் புதிதாகக் குலுக்கப்படும். ஜோடிகளை முன்கூட்டியே செய்து சேமித்துவைப்பதில்லை. பயிற்சியின்போதே சுடச்சுடச் செய்கிறார்கள். இதில் ஒரு நடைமுறை இடைஞ்சல் உண்டு. வேகத்துக்காக ஒரு தொகுதிப் படங்களைச் சேர்த்துக் கெடுக்கும்போது, அளவு மாற்றம் போன்ற சில படிகள் அந்தத் தொகுதி முழுவதற்கும் ஒரே எண்ணில் அமைந்துவிடும். அதனால் 180 ஜோடிகள் கொண்ட ஒரு குவியலை வைத்துக்கொண்டு, அதைக் கலைத்து அதிலிருந்து பொறுக்கி எடுக்கிறார்கள்.

இந்த வேலையில் அடிக்கடி நேரும் பிழை மிகச் சிறியது: அரைப் பிக்சல் நகர்வு. அளவு மாற்றும் சில முறைகள் படத்தை ஒரு மூலைப் பக்கம் லேசாகத் தள்ளிவிடும். அருகிலுள்ள ஒரு பிக்சலை மட்டும் எடுத்துக்கொள்ளும் எளிய முறையை ரியல்-ஈஎஸ்ஆர்கேன் விலக்கிவைத்ததற்கு இதுவே காரணம். நகர்வு இருந்தால், விளிம்பு எங்கே இருக்கிறது என்று நெட்வொர்க்குக்கு நிச்சயமில்லாமல் போகும். தயங்கித் தயங்கி மழுப்பலாக வரையும். கண்டுபிடிக்கும் வழி எளிது. மங்கல், இரைச்சல், ஜேபெக் மூன்றையும் அணைத்துவிட்டு அளவு மாற்றத்தை மட்டும் ஓட்டுங்கள். வந்த சிறு படத்தைத் திரும்பப் பெரிதாக்கி, மூலத்திலிருந்து கழித்துப் பாருங்கள். மிச்சம் விளிம்பின் இரு பக்கமும் சமமாக இருந்தால் சரி. ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலுமாக, நாணயத்தில் பொறித்த உருவம்போலப் புடைத்துத் தெரிந்தால் படம் நகர்ந்திருக்கிறது.

இரைச்சல் ஒத்துப்போகிறதா என்று பார்க்கவும் ஒரு வழி உண்டு. நிஜமாகக் கெட்ட படங்களிலிருந்து வானம், வெற்றுச் சுவர் போன்ற வெறுமையான இடங்களை வெட்டி எடுத்து, பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று அளக்கலாம். செயற்கைப் படத்திலும் அதையே அளந்து ஒப்பிட வேண்டும். நிஜத்தில் இழைந்து இருக்க, செயற்கையில் ஒவ்வொரு பிக்சலும் தன்பாட்டுக்குத் துள்ளினால், கெடுத்த வரிசையில் ஏதோ கோளாறு.

இவ்வளவு செய்தாலும் தீராத ஒரு இழுபறி உண்டு. கடுமையாகக் கெட்ட படங்களை அதிகம் காட்டி வளர்த்த மாடல், எதைக் கண்டாலும் சந்தேகப்படும். கைத்தறித் துணியின் நெசவும், புல்வெளியும், மனிதத் தோலின் துளைகளும் கணக்கில் பார்த்தால் இரைச்சலைப் போன்றவையே. எனவே லேசாக மட்டும் கெட்ட நல்ல படத்தைக் கொடுத்தாலும் அது முகத்தைப் பிளாஸ்டிக் பொம்மையைப்போல வழவழப்பாக்கித் தரும். இப்படி மெழுகு பூசிய தாத்தா பாட்டி முகங்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். மாடலின் திறமைக் குறைவு என்று அதைச் சொல்வதைவிட, கெடுத்தவர் கை சற்று ஓங்கிவிட்டது என்பதே பொருத்தம். சில படிகளைச் சிலமுறை முழுவதுமாகத் தாண்டவிட்டு, லேசான கேடும் போதிய அளவு கண்ணில் படும்படி செய்தால் இது குறையும். அப்போது மிக மோசமான படங்களில் திறமை கொஞ்சம் தளரும். எந்தப் பக்கம் சாய்வது என்பதை யாருடைய எந்தப் படங்களுக்காகச் செய்கிறோம் என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

மேலும், நான்கு மடங்கு பெரிதாக்கினால் ஒரு பிக்சல் பதினாறாகிறது. பதினைந்து பங்கு ஊகம். ஓட்டுக் கூரையில் ஊகம் தவறினால் யாருக்கும் நஷ்டமில்லை. வாகன எண்பலகையிலோ ஒரு முகத்திலோ தவறினால், தெளிவாகவும் தவறாகவும் ஒன்று கிடைக்கும். மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி 100 பிக்சல் படத்தில் கரைந்துபோயிருந்தால், அது அங்கே இருந்ததா இல்லையா என்பதை எவ்வளவு நேர்த்தியாகக் கெடுத்துப் பழக்கிய மாடலாலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

கெடுக்கும் பட்டியலில் இல்லாத கேடு வந்தாலும் மாடல் திண்டாடும். பழைய பத்திரிகைகளை ஸ்கேன் செய்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அச்சில் வந்த புகைப்படம் சிறுசிறு மைப்புள்ளிகளால் ஆனது. மேலே சொன்ன நான்கு படிகளில் எதுவும் அந்தப் புள்ளி வலையை உண்டாக்குவதில்லை. பொதுவான மாடலிடம் கொடுத்தால் அது மைப்புள்ளிகளைப் பொருளின் தோற்றமாக எடுத்துக்கொண்டு, முகமெல்லாம் அம்மைத் தழும்பாக்கிவிடக்கூடும். இதற்குச் சொந்தமாக ஒரு படியைச் சேர்க்க வேண்டியிருக்கும். நல்ல படத்தைச் சாம்பல் நிறமாக்கி, சாய்வான கோணத்தில் புள்ளி வலையாக மாற்றி, மை கசிவதற்காக ஒவ்வொரு புள்ளியையும் சற்றே வீங்கவைத்து, பின்பக்க எழுத்தின் நிழலை மெல்லக் கலந்து, அதன் பிறகே ஸ்கேனரின் மங்கலையும் ஜேபெக்கையும் போட வேண்டும். புள்ளி வலையின் நெருக்கத்தை, திருத்த வேண்டிய அந்த இதழின் பக்கத்திலிருந்தே ஓர் அங்குலத்துக்கு எத்தனை என்று எண்ணி எடுத்து, அதற்குச் சற்று மேலும் கீழுமாக மாறவிட்டால் போதும். அச்சகத்துக்கு அச்சகம் அது வேறுபடும் என்பதால், ஓர் இதழுக்குச் செய்த ஜோடிகள் அடுத்த இதழுக்குப் பொருந்துமா என்பதைப் பக்கங்களை அருகருகே வைத்துப் பார்த்த பிறகே நம்பலாம்.